கூடியது 35, குறைந்தது 25: கதிர்காமத்துக்கு பஸ் பிடிக்கிற ஆக்கள் இந்த இரண்டு எண்ணையும் எப்படி வாசிப்பது

ஆடி மாதக் கதிர்காமத் திருவிழா நெருங்கினால் யாழ்ப்பாணத்தில் ஊருக்கு ஊர் பஸ் பிடிப்பார்கள். எத்தனை மணிக்கு வெளிக்கிடுவது, எங்கே சாப்பிடுவது, எந்த மடத்தில் படுப்பது என்று வாட்ஸப் குழுவில் நாலு நாள் பேச்சு நடக்கும். அதற்குள் யாராவது ஒருவர் காலநிலை அட்டவணையைப் படம் பிடித்துப் போடுவார். யாழ்ப்பாணம் 32, வவுனியா 35, திருகோணமலை 36. உடனே எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "எங்கட ஊர் பரவாயில்லை, அங்காலதான் வெக்கை." அத்தோடு அட்டவணையின் வேலை முடிந்துவிடும். பக்கத்தில் இருக்கிற இரண்டாவது எண்ணை, அதாவது குறைந்த வெப்பநிலையை, யாரும் பார்ப்பதில்லை. பயணத்தைத் திட்டமிடுகிறவருக்கு அதிகம் சொல்லக்கூடியது அந்த இரண்டாவது எண்தான் என்பது என் எண்ணம், அதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் இந்த எண்கள் எதைச் சொல்கின்றன என்று பார்ப்போம். வளிமண்டலவியல் திணைக்களம் சொல்கிற வெப்பநிலை நிழலில் எடுக்கிற அளவு. வெள்ளை அடித்த, காற்றோட்டமான ஒரு மரப்பெட்டிக்குள், நிலத்திலிருந்து கிட்டத்தட்ட நெஞ்சு உயரத்தில் வெப்பமானி இருக்கும், வெயில் அதில் நேராகப் படாது. ஆகவே 35 என்றால் காற்றின் சூடு 35, வெயிலில் நிற்கிற ஆளின் தலைக்கும் தார் ரோட்டுக்கும் அது கணக்கில்லை. நல்ல வெயிலில் தார் 55, 60 பாகைக்குப் போவது சாதாரணம். கோயில் வீதியில் கருங்கல்லில் வெறுங்காலோடு நடக்கிறவருக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அடுத்தது நேரம். குறைந்த வெப்பநிலை வருவது நள்ளிரவில் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, நிலம் இரவு முழுக்கச் சூட்டை விட்டுக்கொண்டே இருப்பதால் அது பொழுது விடிகிற நேரத்தில்தான் அடிமட்டத்துக்கு வரும், ஆடி மாதம் என்றால் காலை ஆறு மணியை ஒட்டி. கூடியது உள்நாட்டில் பின்னேரம் இரண்டு, இரண்டரை மணிக்கு. இடையில் சூடு ஒரே சீராக ஏறுவதில்லை, காலையில் வேகமாக ஏறும், மதியத்துக்குப் பிறகு மெதுவாகும். கையில் இரண்டு எண் மட்டும் இருந்தால் இப்படி ஒரு கணக்குப் போடலாம்: காலை ஒன்பது, ஒன்பதரைக்குள் இரண்டுக்கும் இடையில் பாதி ஏறிவிடும், மதியம் பன்னிரண்டுக்குள் ஏறக்குறைய முழுதும் ஏறிவிடும், பின்னேரம் நாலு மணி வரை அங்கேயே நிற்கும், பொழுதுபட்ட பிறகும் பாதி மிச்சம் இருக்கும். வவுனியா 35, 25 என்றால் ஒன்பதரைக்கு 30, பன்னிரண்டுக்கு 34, பின்னேரம் ஆறரைக்கும் 30. முகில் மூடிய நாளிலும் மழை நாளிலும் இது பொருந்தாது, ஆனால் ஆடியில் வடக்கிலும் கிழக்கிலும் அப்படியான நாட்கள் குறைவு.

சரி, இப்போது இடைவெளிக்கு வருவோம். யாழ்ப்பாணம் 32, 28. இடைவெளி நாலு. வவுனியா 35, 25. இடைவெளி பத்து. ஏன் இந்த வித்தியாசம்? யாழ்ப்பாணத்தைச் சுற்றிக் கடல், அதன் தண்ணீர் அந்த மாதங்களில் 28, 29 பாகையில் கிடக்கும், சோளகம் அந்தக் கடலின் மேலால்தான் ஊருக்குள் வருகிறது. பகலில் அது சூட்டை ஏற விடாது, இரவில் இறங்கவும் விடாது. அதே காற்று வன்னி நிலத்துக்கு மேலால் போகப்போக ஈரம் குறைந்து காய்ந்துவிடுகிறது. காற்றில் ஈரம் கூடினால் இரவில் நிலம் சூட்டை மேலே விட்டுத் தணிவது கடினம், ஈரம் குறைந்தால் விடியும்போது நன்றாகக் குளிர்ந்துவிடும். ஆகவே வெயில் எறிக்கிற, மழையில்லாத நாளில் இரண்டு எண்ணுக்கும் இடையில் உள்ள தூரம் காற்றின் ஈரத்தை ஓரளவுக்குக் காட்டிக்கொடுக்கும். இடைவெளி நாலு, ஐந்து என்றால் புழுக்கம். ஒன்பது, பத்து என்றால் காய்ந்த வெக்கை.

இது பயணத்துக்கு ஏன் முக்கியம் என்றால், உடம்பு தணிவது வியர்வை காய்வதால். ஈரக் காற்றில் வியர்வை காயாது, வழிந்து கீழே விழும், தணிவு கிடைக்காது. உடம்புக்கு எவ்வளவு சூடாகத் தெரியும் என்று கணக்கிடுகிற வெப்பச் சுட்டெண்ணில் போட்டுப் பார்த்தால், 32 பாகையும் 70 வீத ஈரப்பதனும் சேர்ந்தால் 41 மாதிரித் தெரியும். 35 பாகையும் 45 வீதமும் 39 மாதிரித்தான். அதாவது அட்டவணையில் மூன்று பாகை குறைந்த ஊர் உடம்புக்கு இரண்டு பாகை கூடத் தெரியலாம். "எங்கட ஊர் பரவாயில்லை" என்ற பேச்சு இங்கேதான் அடிபடுகிறது. திணைக்களம் வெப்பச் சுட்டெண் எச்சரிக்கை விடும்போது, இது நாளைய கூடிய வெப்பநிலை இல்லை, ஈரப்பதனையும் கூடிய வெப்பநிலையையும் சேர்த்து உடம்பு உணர்கிற நிலையைக் கணித்தது என்று அதிலேயே எழுதியிருக்கும். அந்த வரியை விட்டுவிட்டு "நாளைக்கு 41 பாகையாம்" என்று பகிர்கிற ஆக்களும் உண்டு, அது வேறு கதை.

அதற்காக 35 பாகைக் காய்ந்த வெக்கை சுகம் என்று எடுக்கக் கூடாது. அதன் ஆபத்து வேறு வகையானது. வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் வியர்ப்பதே தெரியாது, சட்டை நனையாது, ஆகவே தாகம் எடுக்கும் வரை தண்ணீர் குடிக்கத் தோன்றாது. புழுக்கத்தில் ஆள் களைத்துப் போய்த் தானே இருந்துவிடுவார். காய்ந்த வெக்கையில் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று நடந்துகொண்டே போய்த் திடீரென்று தலைசுற்றி விழுவார்.

கிழக்குக் கரைக்கு இன்னொரு சங்கதி இருக்கிறது, கச்சான் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்குப் பக்கம் இறங்கும்போது ஒவ்வொரு நூறு மீற்றருக்கும் ஏறக்குறைய ஒரு பாகை சூடேறி, காய்ந்து, மட்டக்களப்பு, அம்பாறை, திருகோணமலைப் பக்கம் வீசும். கச்சான் பலமாக அடிக்கிற நாளில் கடற்காற்றால் கரைக்குள் நுழைய முடியாது. அன்றைக்குத் திருகோணமலையில் 36, 37 வரும், வந்தது பின்னேரம் நாலு மணிக்குப் பிறகும் இறங்காது. கச்சான் தளர்ந்த நாளில் பதினொரு மணியளவில் கடற்காற்று நுழையும், சூடு 33இல் நின்றுவிடும், ஆனால் புழுக்கம் கூடும். ஆகவே கிழக்குக் கரை ஊர்களுக்குக் கூடியதையும் குறைந்ததையும் பார்க்கும்போது காற்றின் திசையையும் ஒருக்காப் பார்க்க வேண்டும். நாள் முழுக்க மேற்கு, தென்மேற்கு என்று போட்டிருந்தால் மதியத்துக்குப் பிறகு வெளியில் நிற்கிற வேலை எதையும் அங்கே வைக்காதீர்கள். மதியத்தோடு கிழக்கு, வடகிழக்கு என்று மாறினால் பின்னேரம் தாங்கலாம்.

இனி ஒரு பயணத்தைப் போட்டுப் பார்ப்போம். பலர் போகிற வழி: யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வழியே வவுனியா, ஹொரவப்பொத்தானை, திருகோணமலை, மூதூர், வெருகல் வழியே மட்டக்களப்பு, பிறகு பொத்துவில், மொனராகலை, புத்தள, கதிர்காமம். கையில் இருக்கிற எண்கள் இப்படி என்று வைத்துக்கொள்வோம்: யாழ்ப்பாணம் 32, 28, வவுனியா 35, 25, திருகோணமலை 36, 27, மட்டக்களப்பு 34, 26, மொனராகலை 34, 23. கிழக்கில் காற்று மேற்கிலிருந்து. ஆடியில் இவை ஒன்றும் அதிசயமான எண்கள் இல்லை.

வழக்கமான யோசனை, விடியக் காலமை ஐந்து மணிக்குத் தேங்காய் உடைத்து வெளிக்கிடுவது. "குளிர்ச்சியோடு போய்ச் சேர்ந்துவிடலாம்" என்பார்கள். கணக்கைப் பாருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா ஏறக்குறைய 140 கிலோமீற்றர், வழியில் ஒரு தேத்தண்ணி, ஆகவே எட்டரை. அந்தப் பாதையில் கிடைக்கக்கூடிய மிகக் குறைந்த சூடு வவுனியாவின் 25 பாகை, அது ஆறு மணிக்கு. அந்த நேரத்தில் பஸ் இன்னும் ஆனையிறவைத் தாண்டியிருக்காது, அங்கே 28. ஆக நல்ல குளிர்ச்சியை யாரும் அனுபவிக்கவில்லை. திருகோணமலைக்கு வரும்போது பதினொன்று. கோணேசர் மலையில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுகிற நேரம் பதினொன்றரை, காற்று 34, நிலம் அதற்கு எவ்வளவோ மேல். சாப்பிட்டுவிட்டு ஒன்றரைக்கு வெளிக்கிட்டால் மூதூர், வெருகல், வாகரை எல்லாம் நாளின் உச்சச் சூட்டில், கச்சானுக்குள், ஓடும் பஸ்ஸில். மட்டக்களப்பில் இறங்கும்போது கிழடு கட்டையெல்லாம் வாடி வதங்கியிருக்கும்.

மூன்று மணித்தியாலம் முந்துங்கள். இரவு இரண்டு மணிக்கு வெளிக்கிட்டால் வவுனியாவுக்கு ஐந்து மணி, தேத்தண்ணியும் முகம் கழுவலும் முடித்து ஐந்தரைக்குப் புறப்பட்டால் விடியத் தொடங்கியிருக்கும், ஹொரவப்பொத்தானைப் பக்கம் யானை நிற்கிற ரோட்டை வெளிச்சத்தில் கடக்கலாம். அந்த நாளின் மிகக் குளிர்ந்த இரண்டு மணித்தியாலமும் உள்நாட்டு ரோட்டில் கிடைக்கிறது. ஏழரைக்குத் திருகோணமலை, சூடு 30ஐத் தொடவில்லை, கல் இன்னும் காயவில்லை. ஒன்பதுக்கு வெளிக்கிட்டால் பன்னிரண்டேகாலுக்கு மட்டக்களப்பு. அங்கே மாமாங்கத்தில் கும்பிட்டு, கூரை உள்ள இடத்தில் சாப்பாடு, நாலு மணி வரை படுக்கை. நாலுக்கு வெளிக்கிட்டால் ஆறரைக்குப் பொத்துவில்.

நள்ளிரவிலேயே வெளிக்கிட்டால் இன்னும் நல்லதுதானே என்று கேட்கலாம். எங்கள் பக்கத்தில் நெடுங்காலம் பஸ் ஓடுகிற ஒருவரிடம் இதையே கேட்டேன். "தம்பி, வெக்கையில ஆக்கள் மயங்கினா தண்ணி தெளிக்கலாம், நான் மயங்கினா என்ன செய்வியள்?" என்றார். அதற்கு மேல் நான் வாய் திறக்கவில்லை. இரவு இரண்டு மணிக்கு வெளிக்கிடுகிற பயணம் என்றாலும் சாரதி முதல் நாள் பின்னேரமே படுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டு சாரதிகள் வேண்டும். சூட்டுக் கணக்கு நித்திரைக் கணக்கை வெல்லக் கூடாது.

படுக்கிற இடத்துக்குக் குறைந்த எண்ணைப் பாருங்கள். மின்விசிறி இல்லாத மடத்தில் குறைந்தது 27, 28 என்றால் பகலில் ஏறிய சூடு உடம்பை விட்டு இறங்காது, அடுத்த நாள் தொடங்கும்போதே அரைக் களைப்போடு தொடங்குவார்கள். 23, 24 என்றால் வயதானவர்கள் போர்வை கேட்பார்கள். பொத்துவில் கரையில் இரவு தங்குவதற்கும் மொனராகலையில் தங்குவதற்கும் இடையில் இரண்டு, மூன்று பாகை வித்தியாசம் இருக்கும், அங்கே போய்ச் சேர இன்னும் ஒன்றரை, இரண்டு மணித்தியாலம் இருட்டில் ஓட வேண்டும். பிள்ளைகள் கனக்க என்றால் நான் பொத்துவிலில் நிற்பாட்டுவேன், முற்றத்தில் காற்றுப் படுகிற இடமாகப் பார்த்து. விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிட்டால் மொனராகலை ஏழு மணிக்குள், புத்தளயிலிருந்து கதிர்காமம் போகிற காட்டு ரோட்டைக் காலை வெளிச்சத்தில் கடந்து ஒன்பது மணிக்கு முன் மாணிக்க கங்கையில் இறங்கலாம். கதிரமலை ஏறுவதை அன்றைக்கு வைக்க வேண்டாம், அடுத்த நாள் ஐந்தரைக்குத் தொடங்கி எட்டரைக்குள் இறங்கிவிட வேண்டும்.

பஸ்ஸுக்குள் இருக்கிற சூடு அட்டவணையில் வராது. சட்டர் மூடி வெயிலில் நிற்பாட்டின பஸ் வெளியை விடப் பத்துப் பாகைக்கு மேலே போகும், ஆகவே ஆக்கள் ஏறுவதற்குப் பத்து நிமிஷம் முன்பே எல்லாச் சட்டரையும் திறந்து ஓட விட வேண்டும். யார் எந்தப் பக்கம் இருப்பது என்பதும் சும்மா விஷயம் இல்லை. தெற்கே போகிற பஸ்ஸில் காலை வெயில் இடப்பக்கம், பின்னேர வெயில் வலப்பக்கம். அம்மம்மாவை மதியம் வரை வலப்பக்கமும் மட்டக்களப்புக்குப் பிறகு இடப்பக்கமும் இருத்துங்கள். யன்னல் சீற்றுக்குச் சண்டை பிடிக்கிற பொடியளுக்கு வெயில் பக்கத்தைக் கொடுக்கலாம்.

தண்ணீருக்கும் அந்த எண்களை வைத்தே கணக்குப் போடலாம். திருகோணமலையிலிருந்து மட்டக்களப்பு வரை, 32இலிருந்து 35 வரை ஏறுகிற மூன்று மணித்தியாலம். இருந்துகொண்டு வருகிற ஆளுக்கு மணித்தியாலத்துக்கு அரை லீற்றர் என்று வைத்தால் 40 பேருக்கு 60 லீற்றர், அதாவது 20 லீற்றர்க் கான் மூன்று. நடக்கிற ஆளுக்கு அது இரட்டிப்பாகும். ஆனால் தண்ணீர் இல்லாமல் வாடுகிறவர்களை விட, தண்ணீர் இருந்தும் குடிக்காமல் வாடுகிறவர்கள்தான் இந்தப் பயணங்களில் அதிகம், காரணம் மலசலகூடம். பெண்களும் வயதானவர்களும் எங்கே நிற்பாட்டுவார்களோ என்று பயந்து வாய் நனைக்கிறதோடு விடுவார்கள். ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை எங்கே நிற்கும் என்று வெளிக்கிடும்போதே சொல்லிவிட்டால் கான் தானாகக் காலியாகும். வெறும் தண்ணீரோடு மோரோ, ஜீவனிக் கரைசலோ இருக்கட்டும். யாராவது சம்பந்தமில்லாமல் கதைக்கத் தொடங்கினால், கூப்பிட்டால் விளங்காத மாதிரிப் பார்த்தால், அது களைப்பைத் தாண்டிய நிலை. நிழலில் கிடத்தி, உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே 1990க்கு அழையுங்கள், மயங்கின ஆளின் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

இந்த எண்களை எவ்வளவு நம்பலாம்? ஐந்தாறு நாளுக்கு முன்னே பார்க்கிற முன்னறிவிப்பு, அந்த ஊரின் வழக்கமான ஆடி மாத எண்ணை விடப் பெரிதாக ஒன்றும் சொல்லாது. பஸ் பிடிக்க, நேரம் தீர்மானிக்க அது போதும். காற்றையும் கூடியதையும் முதல் நாள் பின்னேரம் இன்னொருக்காப் பாருங்கள், அப்போதும் இரண்டு பாகை பிழைக்கலாம். போனில் வருகிற எண் பெரும்பாலும் கணினிக் கணிப்பு ஒரு பெரிய சதுர நிலப்பரப்பு முழுதுக்கும் சேர்த்துக் கொடுக்கிற எண், குடாநாடு மாதிரி இடத்தில் அந்தச் சதுரத்தில் பாதி கடலாக இருக்கலாம், அதனால் பகலைக் குறைத்தும் இரவைக் கூட்டியும் காட்டும். இன்னொரு குழப்பம், ஒரு திகதிக்குப் போட்டிருக்கிற குறைந்த எண் எந்த இரவுக்கு உரியது என்பது. சில செயலிகள் நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை எடுக்கும், அப்போது வெள்ளிக்கிழமைக்குப் போட்ட 25 வெள்ளி விடியற்காலைக்கு உரியது. வேறு சில பகலோடு அதற்குப் பிறகு வருகிற இரவைச் சேர்க்கும், அப்போது அது சனி விடிகிற நேரத்து எண். மணித்தியால அட்டவணையைத் திறந்து 25 எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

உகந்தையில் இறங்கி, குமண, யால காடு வழியே நடக்கிறவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு அரைவாசிதான் உதவும். அந்தக் காட்டுக்குள் எந்த ஊர்ப் பெயரும் அட்டவணையில் இல்லை. கிட்ட இருப்பவை ஒரு பக்கம் பொத்துவில், மறுபக்கம் அம்பாந்தோட்டை, இரண்டும் கடற்காற்றுப் படுகிற கரை. கரையை விட்டு உள்ளே போகிற நாட்களுக்கு அவற்றின் கூடிய எண்ணோடு இரண்டு பாகை கூட்டுங்கள், குறைந்ததில் ஒன்றிரண்டைக் கழியுங்கள். கும்புக்கன் ஓயாவைத் தாண்டிய பிறகு பத்து மணிக்கு மேல் நடக்கிறதில்லை, மூன்றரைக்கு முன் எழும்புகிறதில்லை என்று வைத்தால், யானை திரிகிற மாலை இருட்டுக்கு முன் தங்கிடம் சேர இரண்டு, இரண்டரை மணித்தியாலம் கிடைக்கும். ஆகவே நாளின் பெரிய துண்டைக் காலையில்தான் முடிக்க வேண்டும், விடிகிற வெளிச்சம் வந்த உடனே கால் ரோட்டில் இருக்க வேண்டும்.